எச்சரிக்கை வந்துவிட்டது, கேட்டவர் பொறுப்பு மாறிவிட்டார்: யாரிடம் சொல்வது?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் சோதனை அறிக்கைகளைக் கணினியில் ஏற்றும் ஆவணப் பிரிவினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. தர அதிகாரி ஒருவர் கணினிப் பிரிவிடம் ஒரு விதியை அமைக்கச் சொல்கிறார்: "ஆய்வக அறிக்கையில் குரோம் சிக்ஸ் 3-ஐத் தொட்டால் உடனே எனக்கு மெயில் வரட்டும்." சில மாதங்கள் கழித்து அவரைத் தோல் கொள்முதல் பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்கள். மேசை மாறுகிறது, போன் எண் மாறுகிறது, தினசரி வேலை மாறுகிறது. அந்த விதி மட்டும் யார் கண்ணிலும் படாமல் அப்படியே இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அறிக்கையை ஏற்றியவுடன் திரையில் "எச்சரிக்கை அனுப்பப்பட்டது" என்று வருகிறது. அனுப்பப்பட்டிருப்பதோ இப்போது கொள்முதலில் இருப்பவருக்கு.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் இரண்டு விஷயங்களும் ஒரே நேரத்தில் தெரியும்: சோதனையில் தோல் தேறவில்லை, எச்சரிக்கை கேட்டவரும் அந்தப் பொறுப்பில் இல்லை. மெயில் போய்விட்டது, நம் வேலை முடிந்தது என்று எழுந்து போவதா? புதிய தர அதிகாரியிடம் சொல்வதா? தொழிற்சாலை மேலாளரை அழைப்பதா? தரப் பிரிவின் பொது முகவரிக்கு அனுப்பிவிடுவதா? இந்த நான்கு வழிகளையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன்.

## என்ன தோல், என்ன எண்

பேசுவதற்கு ஓர் உதாரணம் வேண்டும். குரோம் முறையில் பதனிட்ட ஆட்டுத் தோல் லைனிங், ஒரு லாட், சுமார் 6,000 சதுர அடி. ஜெர்மனிக்குப் போகும் காலணிகளின் உள்பக்கத்துக்கானது. பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்தால் அணிபவரின் சருமத்துக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை. அதில் ஒரு சிறு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும்போதுதான் சிக்கல் வருகிறது. அதைத்தான் தொழிலில் குரோம் சிக்ஸ் என்கிறோம். சருமத்தில் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் அது. உடலில் படும் தோல் பொருட்களில் உலர் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றை ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் விற்கக் கூடாது. 2015 மே 1 முதல் இது அங்கே சட்டம்.

இந்தக் குரோம் சிக்ஸ், தோல் பதனிடும் இடத்தை விட்டு வெளியேறிய பிறகும் உருவாகக்கூடியது. நியூட்ரலைசேஷனில் கார அளவு கூடிப்போனால், மீன் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்பை அதிகம் ஏற்றியிருந்தால், சூடான வறண்ட இடத்தில் அடுக்கி வைத்தால் அது மெல்ல மெல்லப் பெருகும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பக்கத்துத் தகரக் கூரைக் கிடங்குகள் எப்படிக் கொதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பல வாங்குவோர், தோலை 80 டிகிரியில், ஈரம் மிகக் குறைந்த காற்றில், 24 மணி நேரம் வைத்து முதுமைப்படுத்திய பிறகு வரும் முடிவையும் கேட்கிறார்கள். ஏஜிங் டெஸ்ட் என்று நாம் சொல்வது இதைத்தான்.

நம் உதாரண லாட்டில், ஏஜிங் செய்யாத துண்டில் "கண்டறியப்படவில்லை" என்று வந்திருக்கிறது. ஏஜிங் செய்த துண்டில் 4.6. விதியைக் கேட்ட பழைய அதிகாரி இரண்டு கட்டங்களையும் பார்க்கச் சொல்லியிருந்தார், அதனால் எச்சரிக்கை எழுந்தது. இந்த வாங்குவோரின் ஒப்பந்தத்தில் ஏஜிங் முடிவும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு, ஆனால் திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அது தெரியாது. தோல் கிடங்கில் இருக்கிறது. கட்டிங் சனிக்கிழமை காலை தொடங்குகிறது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

யாரிடம் சொல்வது என்று யோசிக்கும்போது பதவியில் யார் பெரியவர், விதியை யார் கேட்டார் என்ற வரிசையில்தான் மனம் ஓடும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, அவரால் இன்றைக்கே அந்த லாட்டை நிறுத்த முடியுமா? கிடங்குக்காரர் அவர் சொல்லைக் கேட்டுத் தோலை வெளியே விடாமல் இருப்பாரா?

இரண்டாவது, அந்த எண் ஏன் முக்கியம் என்று அவருக்குத் தெரியுமா? 4.6 என்பதைப் பார்த்து அவர் என்ன முடிவுக்கு வருவார்?

மூன்றாவது, அந்த அறிக்கையைப் பார்க்க அவருக்கு இப்போது உரிமை இருக்கிறதா? அவருடைய இன்றைய பொறுப்புக்கும் இந்தச் செய்திக்கும் இடையில் முரண் ஏதாவது இருக்கிறதா?

நான்காவது, அவர் பார்த்தாரா இல்லையா என்று நேரம் கடந்துவிடுவதற்குள் நமக்குத் தெரியவருமா?

நான்காவது கேள்வியில் நேரம் என்பது சும்மா சொல்லும் வார்த்தை அல்ல. தோல் முழுதாகக் கிடங்கில் இருக்கும்வரை பதனிட்டவரிடம் திருப்பி அனுப்பலாம். அவர் அதை டிரம்மில் மறுபடி ஏற்றி, தாவர டானின் கொண்டு மறுபதனீடு செய்து பார்க்கலாம். கத்தி பட்டுவிட்டால் திருப்பி வாங்க மாட்டார்கள். தைத்து மேல்பாகத்தோடு சேர்ந்துவிட்டால் நல்ல அப்பரும் அதோடு போகும். பெட்டியில் அடைத்துக் கப்பலேறிவிட்டால், அங்கே சந்தையிலிருந்து திரும்பப் பெறும் செலவும் வாங்குவோரின் நம்பிக்கையும் சேர்ந்து போகும். ஒவ்வொரு கட்டமும் இழப்பைப் பல மடங்காக்குகிறது. ஆகவே நம் உதாரணத்தில் கெடு, சனிக்கிழமை காலை கட்டிங் சூப்பர்வைசர் தோலைக் கேட்டு ஆள் அனுப்பும் நேரம்.

## முதல் வழி: கேட்டவருக்கே சொல்வது

இதுதான் விதி தானாகச் செய்வது. இதற்கு ஆதரவாக ஒரு வலுவான காரணம் இருக்கிறது: அந்த எண்ணின் பின்கதை அவருக்குத்தான் தெரியும். ஏஜிங் முடிவை ஏன் சேர்க்கச் சொன்னார், எந்த வாங்குவோர் எந்தக் கடிதத்தில் கேட்டார், முன்பு இதே பதனிடுபவரின் தோலில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. பல நேரங்களில் வேறெங்கும் எழுதப்படவே இல்லை.

ஆனால் இன்றைக்கு அவர் தரப் பிரிவில் இல்லை. "லாட்டை வெளியே விடாதே" என்று கிடங்குக்காரரிடம் சொல்லும் அதிகாரம் அவரிடமிருந்து போய்விட்டது. அவர் சொன்னாலும், "புது சாரிடமிருந்து ஒரு வரி வரட்டும், அண்ணே" என்றுதான் பதில் வரும். அது சரியான பதிலும்கூட.

இதில் மறைந்திருக்கும் விலை இன்னும் பெரியது. இப்போது அவர் இருக்கும் இடம் தோல் கொள்முதல். இந்த லாட்டை வாங்கியதே அவருடைய பிரிவுதான். தேறவில்லை என்ற செய்தி அவருக்கு முதலில் போனால், அவர் முதலில் கூப்பிடுவது வாணியம்பாடியில் இருக்கும் பதனிடுபவரை. "பாய், உங்கள் லாட்டில் குரோம் சிக்ஸ் வந்திருக்கிறது" என்று அவர் சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: இன்னொரு துண்டு எடுத்து மறுசோதனை செய்யுங்கள். குரோம் சிக்ஸ் ஒரே லாட்டில் தோலுக்குத் தோல் மாறும். வேறொரு தோலிலிருந்து வெட்டிய ஒற்றைத் துண்டில் "கண்டறியப்படவில்லை" என்று வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அந்த இரண்டாவது தாள் வந்ததும் முதல் தாளை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அவர் நேர்மையானவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. மிக நேர்மையான மனிதரும் தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்துதான் விஷயத்தைப் பார்ப்பார். கொள்முதல் நாற்காலியிலிருந்து பார்த்தால் இது பேசித் தீர்க்க வேண்டிய வியாபாரப் பிரச்சினை. தர நாற்காலியிலிருந்து பார்த்தால் முதலில் நிறுத்த வேண்டிய லாட். இரண்டு பார்வையும் தேவைதான். ஆனால் நிறுத்தம் முதலில் வர வேண்டும்.

இந்த வழி சரியாக இருக்கும் சூழ்நிலையும் உண்டு. கேட்டது தொழிற்சாலை வேலைக்காக இல்லாமல் தனிப்பட்ட கற்றலுக்காகவோ ஒரு முறை பார்க்கும் ஆய்வுக்காகவோ இருந்தால், அது மனிதரைச் சேர்ந்த கோரிக்கை. மனிதரைத் தொடர்ந்து போகட்டும். பொறுப்பு மாறி ஓரிரு நாட்களே ஆகி, கையளிப்பு இன்னும் முடியவில்லை என்றாலும் அவரிடம் முதலில் கேட்பதில் தவறில்லை.

## இரண்டாவது வழி: இப்போது அந்த நாற்காலியில் இருப்பவருக்குச் சொல்வது

நான் பெரும்பாலான நேரங்களில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். புதிய தர அதிகாரியால் ஒரு போன் அழைப்பில் லாட்டை நிறுத்த முடியும். அறிக்கையைப் பார்க்கும் உரிமை அவருக்கு இயல்பாகவே உண்டு. அவருடைய வேலைக்கும் இந்தச் செய்திக்கும் முரண் இல்லை.

குறை, பின்கதை தெரியாமை. இது சிறிய குறை அல்ல. எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். புதியவர் அறிக்கையைத் திறக்கிறார். ஏஜிங் இல்லாத வரியில் "கண்டறியப்படவில்லை". கீழே ஏஜிங் வரியில் 4.6. முந்தைய தொழிற்சாலையில் அவர் பார்த்த வாங்குவோர் ஏஜிங் கேட்காதவராக இருந்திருக்கலாம். "அசல் முடிவு வரம்புக்குள் இருக்கிறதே, இதற்கு ஏன் எச்சரிக்கை? விதியில் ஏதோ பிசகு" என்று அவர் நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது. லாட்டை விடுவித்துவிட்டு, விதியைத் திருத்தச் சொல்லிக் கணினிப் பிரிவுக்கு ஒரு மெயிலும் போடுவார். எச்சரிக்கை சரியான ஆளிடம் சென்றும் வீணாகும் வழி இது. இதைத் தடுப்பது கடினமில்லை, அறிவிப்பில் இரண்டு வாக்கியம் சேர்த்தால் போதும். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

இன்னொரு மறைந்த விலை: புதியவர் இந்த விதியைக் கேட்கவில்லை. தான் கேட்காத எச்சரிக்கையை மனிதர்கள் குப்பை மெயிலாக நடத்துவார்கள். முதல் முறை நேரில் சொல்லி, "இது இனி உங்களுக்கு வரும், வேண்டுமா?" என்று கேட்டு அவர் வாயால் ஆம் என்று வாங்காவிட்டால், மூன்றாவது முறை அவர் அதைத் திறக்கவே மாட்டார்.

## மூன்றாவது வழி: தொழிற்சாலை மேலாளருக்குச் சொல்வது

அதிகாரம் முழுமையாக இருக்கும் இடம். உரிமையிலும் சந்தேகம் இல்லை. நாற்காலி காலியாக இருக்கும்போது, அதாவது பழையவர் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை என்றால், வேறு வழியே கிடையாது. புதியவர் விடுப்பில் இருந்து போன் எடுக்காதபோதும் அப்படித்தான்.

ஆனால் வழக்கமாக மேலாளரையே அழைப்பதில் இரண்டு கெடுதல்கள் உண்டு. ஒன்று, அவர் அறிக்கையைப் படிக்க மாட்டார்; "பார்க்கவும்" என்று எழுதிப் புதியவருக்கே அனுப்புவார். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியது சனிக்கிழமை மதியம் உரியவரிடம் வந்து சேரும். அதற்குள் கத்தி பட்டிருக்கும். இரண்டு, தன் தலைக்கு மேலே செய்தி போய்விட்டது என்று புதிய அதிகாரிக்குத் தெரியவரும். புதிதாக வந்தவருக்கு அது எரிச்சலை உண்டாக்கும், அடுத்த முறை ஆவணப் பிரிவு எதைச் சொன்னாலும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

## நான்காவது வழி: தரப் பிரிவின் பொது முகவரிக்கு அனுப்புவது

ஆள் மாறினாலும் முகவரி மாறாது என்பதால் கணினிப் பிரிவினர் இதைத்தான் பரிந்துரைப்பார்கள். நீண்ட கால ஏற்பாடாக அவர்கள் சொல்வது சரி. விதியை மனிதரின் பெயருக்கு எழுதாமல் பதவியின் முகவரிக்கு எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் எச்சரிக்கை எழுந்துவிட்ட அந்த மாலையில், பொது முகவரிக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிம்மதியடைவது ஆபத்தானது. எட்டுப் பேர் இருக்கும் பெட்டியில் விழுந்த மெயிலை எட்டுப் பேரும் இன்னொருவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தால் பல இடங்களில் ஆச்சரியமாக இருக்கும்: பொறுப்பு மாறியவர்கள், வேறு யூனிட்டுக்குப் போனவர்கள், சில சமயம் பயிற்சிக்கு வந்து போனவர்கள்கூட இருப்பார்கள். ஆய்வக அறிக்கையில் வாங்குவோரின் பெயரும் ஸ்டைல் எண்ணும் இருக்கும். அது அவர்கள் எல்லோருக்கும் போவது முறையல்ல.

தகவலுக்காக மட்டுமான எச்சரிக்கைகளுக்கு, அதாவது யாரும் உடனே எதையும் நிறுத்த வேண்டாத வகைக்கு, பொது முகவரியே போதும். மாதாந்தரச் சுருக்கம், சோதனைக் கட்டண பில், ஆய்வகத்தின் விடுமுறை அறிவிப்பு போன்றவை அந்த வகை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நிறுத்தும் அதிகாரம் | பின்கதை தெரியுமா | பார்க்கும் உரிமை, முரண் | பார்த்தது தெரியவருமா | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| கேட்டவர் | இல்லை | முழுமையாக | புதிய பொறுப்பைப் பொறுத்தது. கொள்முதல் என்றால் முரண் உண்டு | போன் செய்தால் தெரியும் | தனிப்பட்ட கோரிக்கை, கையளிப்பு முடியாத நாட்கள் |
| நாற்காலியில் இருப்பவர் | உண்டு | அநேகமாக இல்லை | முழு உரிமை, முரண் இல்லை | போன் செய்தால் தெரியும் | பெரும்பாலான நேரங்கள் |
| மேலாளர் | முழுமையாக | இல்லை | முழு உரிமை | தாமதமாக | நாற்காலி காலி, புதியவர் கிடைக்கவில்லை |
| பொது முகவரி | யாருக்கும் தனியாக இல்லை | சிலருக்கு | பட்டியலைச் சரிபார்க்காவிட்டால் கசியும் | தெரியாது | அவசரமில்லாத தகவல் |

அட்டவணையைப் பார்த்தால் ஒன்று புலப்படும். நிறுத்துகிறவர் ஒருவர், அறிந்தவர் இன்னொருவர். இருவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று நினைப்பதால்தான் சிக்கல் தீராமல் இருக்கிறது. இருவரிடமும் சொல்லலாம். ஆனால் வெவ்வேறு செய்தியை, வெவ்வேறு நேரத்தில் சொல்ல வேண்டும்.

## அந்த வெள்ளிக்கிழமை மாலை

முதல் அழைப்பு புதிய தர அதிகாரிக்கு. போன்தான், மெயில் அல்ல. சொல்ல வேண்டியது லாட் எண், எந்த வரியில் எந்த எண், கட்டிங் எப்போது. லாட் எண்ணை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். 1187-ஐ 1178 என்று கேட்டுக்கொண்டு வேறு லாட்டுக்குச் சிவப்பு அட்டை மாட்டிய கதைகள் எல்லாக் கிடங்கிலும் உண்டு. அதன் பிறகு எழுத்தில் இப்படி ஒரு செய்தி:

"லைனிங் லாட் 1187. ஏஜிங் செய்த துண்டில் குரோம் சிக்ஸ் 4.6, ஏஜிங் செய்யாததில் கண்டறியப்படவில்லை. இந்த எச்சரிக்கையை அமைக்கச் சொன்னவர் முந்தைய தர அதிகாரி; ஏஜிங் முடிவையும் பார்க்கும்படி அவர்தான் சொன்னார். காரணம் எனக்குத் தெரியவில்லை, அவரிடம் கேட்கிறேன். தோல் இன்னும் கிடங்கில் இருக்கிறது. சனிக்கிழமை காலை கட்டிங். நிறுத்துவதா என்று தங்கள் முடிவு வேண்டும்."

இதில் இரண்டு வாக்கியங்கள் வேலை செய்கின்றன. ஏஜிங்கைச் சேர்க்கச் சொன்னவர் முந்தைய அதிகாரி என்ற வாக்கியம், விதி பிசகால் எழவில்லை, வேண்டுமென்றே அமைக்கப்பட்டது என்று புதியவருக்குச் சொல்கிறது. காரணம் தெரியவில்லை, கேட்கிறேன் என்ற வாக்கியம், ஆவணப் பிரிவில் இருப்பவர் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதைத் தடுக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் என்று ஊகித்து எழுதினால், அந்த ஊகம் அடுத்த மெயிலில் உண்மையாகிவிடும்.

இரண்டாவது அழைப்பு பழைய அதிகாரிக்கு. ஆனால் அவரிடம் கேள்வி மட்டும்: "நீங்கள் தரப் பிரிவில் இருந்தபோது லைனிங்குக்கு ஏஜிங் முடிவையும் பார்க்கச் சொன்னீர்கள் அல்லவா, அது எந்த வாங்குவோருக்காக? எந்தக் கோப்பில் இருக்கிறது?" விதியின் மெயில் ஏற்கெனவே அவர் பெட்டிக்குப் போயிருக்கும், அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. "எச்சரிக்கை உங்களுக்கும் வந்திருக்கும். இப்போது தர அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார். பதனிட்டவரிடம் பேசுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்" என்று சொன்னால் போதும். அவர் வாணியம்பாடிக்கு அழைப்பதைத் தடுக்கும் அதிகாரம் ஆவணப் பிரிவுக்கு இல்லை. வரிசையை நினைவூட்டும் உரிமை உண்டு.

புதியவர் போன் எடுக்கவில்லை என்றால்? அரை மணி நேரத்தில் இரண்டு முறை முயன்ற பிறகு மேலாளர். அவரிடம் "தர அதிகாரியை அழைத்தேன், கிடைக்கவில்லை, கட்டிங் நாளை காலை" என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது அவர் "பார்க்கவும்" என்று அனுப்ப மாட்டார், கிடங்குக்கே பேசுவார். இரண்டு பேரும் கிடைக்காத அபூர்வமான நாளில், கிடங்குக்காரரிடம் நேரில் போய், "இந்த லாட்டுக்குத் தர அதிகாரியின் முடிவு வரவேண்டியிருக்கிறது, அதுவரை கட்டிங்குக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்கலாம். உத்தரவாக எழுதக் கூடாது, ஏனென்றால் உத்தரவிடும் இடத்தில் நாம் இல்லை. வேண்டுகோளாக எழுதினால் கிடங்குக்காரர் மதிப்பார். ஒரு காலை தாமதமானால் யாருக்கும் பெரிய நட்டம் கிடையாது, விட்டுவிட்டால் திருப்ப முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

மறுசோதனை பற்றிய முடிவும் தர அதிகாரியுடையதுதான். அப்படிச் செய்வதென்றால் முதல் துண்டு வந்த அதே தோலின் மீதியிலும், லாட்டின் வேறு சில தோல்களிலும், அதே ஏஜிங் முறையில் செய்ய வேண்டும். பதனிட்டவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஒற்றைத் துண்டு எதையும் நிரூபிக்காது.

## மாற்றம் வேறு விதமாக இருந்தால்

கேட்டவர் கொள்முதலுக்குப் போகாமல், அதே நிறுவனத்தின் இன்னொரு யூனிட்டுக்குப் போயிருந்தால் முரண் வேறு விதமாக இருக்கும். அந்த யூனிட் போட்டி வாங்குவோருக்குத் தைக்கலாம். அப்போது அவருக்கு எண்ணையோ வாங்குவோரின் பெயரையோ சொல்லக் கூடாது, "பழைய விதி எழுந்திருக்கிறது, அதன் காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?" என்று மட்டும் கேட்கலாம். விதியின் மெயில் தானாகவே அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றால், அந்த மாலையிலேயே கணினிப் பிரிவிடம் சொல்லி நிறுத்த வேண்டியது அதுதான்.

நிறுவனத்தை விட்டே போனவர் என்றால் மெயில் திரும்பி வரும், அல்லது அவருடைய பெட்டியை யாரோ திறந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கும். திரும்பி வந்தால் நல்லது, அப்போதாவது யாருக்காவது தெரியும். மோசமானது, பெட்டி இன்னும் உயிரோடு இருந்து மெயிலை அமைதியாக விழுங்கிக்கொண்டிருப்பது. போனவரின் சொந்த எண்ணுக்கு அழைத்து அறிக்கையைப் பற்றிப் பேசுவது கூடாது. அவருக்கு இனி அதில் பங்கு இல்லை.

பதவி உயர்ந்து அவரே துறைத் தலைவர் ஆகியிருந்தால் பலர் "அவரிடமே சொல்லிவிடுவோம், அதிகாரமும் இருக்கிறது, பின்கதையும் தெரியும்" என்று நினைப்பார்கள். அந்த மாலைக்கு அது சரிதான். ஆனால் கூடவே புதியவருக்கும் அதே நிமிடத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தலைவர் பழைய பழக்கத்தில் தானே லாட்டை நிறுத்துவார், விடுவிப்பார், புதியவர் பெயரளவில் தர அதிகாரியாக இருப்பார். அடுத்த எச்சரிக்கையின்போது தலைவர் வெளிநாட்டுக் கண்காட்சியில் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

## விதியை என்ன செய்வது

லாட் நின்ற பிறகு, திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விதியின் முகவரியைச் சத்தமில்லாமல் புதியவருக்கு மாற்றிவிடக் கூடாது. அவரிடம் மூன்று தேர்வுகளை வைக்க வேண்டும்: இந்த விதியை இப்படியே ஏற்றுக்கொள்கிறீர்களா, எல்லையை மாற்றி ஏற்றுக்கொள்கிறீர்களா, அல்லது வேண்டாமா? வேண்டாம் என்றால் காரணத்தோடு ஒரு வரி அவர் கையால் வரட்டும். ஏற்றுக்கொண்டால் தரப் பதவியின் முகவரிக்கு மாற்றி, விதிக்குப் பக்கத்தில் மூன்று விவரங்களை எழுதி வையுங்கள்: எந்த வாங்குவோரின் எந்த நிபந்தனைக்காக, இப்போது பொறுப்பாளர் எந்தப் பதவி, மறுபடி எப்போது கேட்டு உறுதி செய்வது. மறுபடி கேட்கும் நாளை ஆறு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள், வாங்குவோரின் நிபந்தனைகளும் அதற்குள் மாறிவிடும்.

அவர் ஏற்கவும் இல்லை, வேண்டாம் என்று எழுதவும் இல்லை, "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் என்றால் விதியை அணைக்காதீர்கள். அதுவரை எச்சரிக்கை பதவியின் முகவரிக்கும் மேலாளருக்கும் சேர்ந்தே போகட்டும். மேலாளரின் பெட்டியில் இரண்டு முறை வந்து விழுந்தால் அந்த முடிவு தானாக எடுக்கப்பட்டுவிடும்.